நிலைக்கு ஆறு கிளாம்ப்

புனிதமலர் அக்காவை முதலாளி என்னிடம் கொண்டுவந்து விட்ட நாளில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பரந்தன் சந்தியில் எங்களுடையது இரும்புக்கடை. சீமெந்து, கம்பி, ஆணி, பைப், பெயின்ட், பூட்டு, மண்வெட்டி என்று வீடு கட்டுகிறவருக்கும் வயல் செய்கிறவருக்கும் வேண்டியதெல்லாம் இருக்கும். ஒன்பது வருடமாக அங்கே நிற்கிறேன். சாமான் எடுத்துக் கொடுக்க ஓடியாடித் திரியக்கூடிய ஒரு இளம் பெட்டை வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருந்தேன். வந்து நின்றவருக்கு நாற்பத்தாறு வயது. என்னைவிடப் பதினைந்து வயது கூட. கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் குடை, முகத்தில் கோயிலுக்குள் பிந்தி வந்தவரின் பயம்.

“பிள்ளை, இவாவைக் கொஞ்சம் பழக்கி விடுங்கோ” என்று சொல்லிவிட்டு முதலாளி தன் பாட்டில் போய்விட்டார்.

“இவ்வளவு நாளும் எங்க வேலை செய்தனீங்கள் அக்கா?” என்று கேட்டேன்.

“வீட்டிலதான் பிள்ளை.”

வீடு என்றால் அது அவருடைய வீடு அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். தாய் செத்தபோது அவருக்குப் பதினாறு வயது. கீழே நாலு பேர். தகப்பன் கடலுக்குப் போக, அக்கா கருவாடு காயப்போட்டு, விற்று, அந்த நாலையும் வளர்த்தார். இடம்பெயர்ந்த காலத்தில் அதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள். இரண்டு தம்பிமார் பிரான்ஸில். ஒரு தங்கச்சி கன்னியாஸ்திரி. கடைசித் தங்கச்சி பரந்தனில் கலியாணம் கட்டி, பிள்ளைப்பெறு பார்க்க வா என்று கூப்பிட்டாள். வந்தவர் மூன்று பிள்ளைப்பெறு பார்த்து, அந்த மூன்றையும் பள்ளிக்கூடம் அனுப்புகிற வரைக்கும் நின்றுவிட்டார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த வீட்டில் அக்காவுக்கு வேலை குறைந்துபோனது. படுக்கிற இடமும் குறைந்துபோனது. “சும்மா இருக்கிறதுக்கு வெளியில போய் வாங்கோவன்” என்று தங்கச்சி சொன்னாளாம். அதை அக்கா குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் கடையில் அவர் செய்த வேலை வேறு விதமாகப் பற்றியெரிய வைத்தது. வந்தவர்களை வாங்க வேண்டாம் என்று சொல்லித் திருப்பினார். ஒருவர் பெயின்ட் டின் எடுத்துவிட்டு பிரஷைக் கையில் தூக்கிப் பார்த்தார். அக்கா மெதுவாக, “வீட்டில பழசு ஒண்டு கிடக்குமே அண்ணை, தேடிப் பாருங்கோ” என்றார். அந்த மனிதர் பிரஷைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். நான் பில் புத்தகத்தை மேசையில் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழும்பிவிட்டது.

“அக்கா, இது கடை.”

“பாவம் பிள்ளை, காசில்லாத சனம். இதையும் எடு அதையும் எடு எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.”

“ஆர் உங்களை அப்பிடிச் சொல்லச் சொன்னது?”

உண்மையில் நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்பது வருடமாக வாயில் வருவதைச் சொல்லித்தான் விற்றிருக்கிறேன். அதற்கு விடை ஸ்கந்தபுரத்திலிருந்து வந்தது. ஒரு அம்மா. வேலி அடைக்க முள்ளுக்கம்பிச் சுருள் ஒன்று வாங்கிப்போனார். அக்காதான் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதே அம்மா வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கம்பியைக் கட்டையில் அடிக்கிற யூ ஆணி வீட்டில் இல்லையாம். கூலிக்கு வந்த இரண்டு பேரும் மரத்துக்குக் கீழே குந்தியிருக்கிறார்களாம். “கேட்டிருக்கலாமே தங்கச்சி, ஒரு வாய் வார்த்தை” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்காவின் முகம் கறுத்துப்போனது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் தொடங்கினேன்.

“பாத்தீங்களோ? வாங்கு எண்டு சொல்லுறது இல்லை இது. ஞாபகப்படுத்துறது. முதல், ‘வேற என்ன வேணும்?’ எண்டு கேக்கவே கூடாது. ஒண்டும் வேண்டாம் எண்டுதான் சனம் சொல்லும். என்ன வேலைக்கு எண்டு கேளுங்கோ, எப்ப செய்யப் போறீங்கள் எண்டு கேளுங்கோ. வேலையைச் சொன்னால் என்ன விடுபட்டிருக்கு எண்டு உங்களுக்கே தெரியும். தண்ணிப் பைப் வாங்கினால் பொருத்தில சுத்திற டேப். மண்வெட்டி எண்டால் பிடி. பெயின்ட் எண்டால் தேய்க்கிற மண்கடதாசி.”

“வேண்டாம் எண்டால்?”

“அதுக்குத்தான் வழி விட்டுக் கேக்கவேணும். ‘டேப் வீட்டில இருக்கோ, இல்லாட்டி ஒண்டு போடட்டோ?’ இருக்கு எண்டு சொல்ல அவைக்கு மரியாதையான ஒரு வழி இருக்கவேணும். விலையையும் அதோட சொல்லிப்போடுங்கோ, பில்லில கண்டு திடுக்கிடக் கூடாது. ரெண்டு சைஸ் இருந்தால் அவையின்ர வேலைக்கு எது காணுமோ அதைக் காட்டுங்கோ. சின்னன் காணும் எண்டால் சின்னன் காணும் எண்டு சொல்லுங்கோ. அடுத்த முறை நீங்கள் பெரிசு எண்டு சொன்னால் நம்புவினம்.”

“பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லை. ஒருக்காத்தான் கேக்கிறது. வேண்டாம் எண்டால் ‘சரி’ எண்டு சொல்லி பில்லை எழுதுங்கோ. முகத்தில ஒண்டும் காட்டக் கூடாது.”

அக்கா சோற்றைப் பிசைந்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ‘வீட்டில இருக்கோ, இல்லாட்டி ஒண்டு போடட்டோ.’ செபம் பாடமாக்குகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு மாதத்தில் நான் வாயடைத்துப் போனேன். நான் கேட்டால் வியாபாரம் மாதிரி இருக்கும். அக்கா கேட்டால் வீட்டு ஆள் கேட்கிற மாதிரி இருந்தது. “எவ்வளவு தூரத்தில இருந்து வாறீங்கள் அண்ணை? இந்தச் சின்னச் சாமானுக்குத் திரும்பி அலையப் போறீங்களே” என்பார். சனம் சிரித்துக்கொண்டு எடுத்தது. வேண்டாம் என்றவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். முதலாளி பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் சிற்றம்பலம் வரத் தொடங்கினார்.

ஜெயபுரத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயதிருக்கும். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம், வயல் செய்கிறவர். மனைவி செத்து எட்டு வருடம். மகளும் மருமகனும் இருக்கிற வீட்டின் பின்வளவில் தனக்கென்று ஒரு அறையும் விறாந்தையும் குசினியுமாகச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிய லிஸ்ட் சட்டைப் பையில் நாலாக மடிந்திருக்கும். லிஸ்டில் எழுதியதை அந்த மனிதர் ஒருநாளும் மறந்ததில்லை. எழுதாதது அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பூநகரியிலும் இரும்புக்கடை இருக்கிறது. ஜெயபுரத்துக்கு அது எவ்வளவோ கிட்ட. இந்த மனிதர் ஏன் அதைத் தாண்டிப் பரந்தனுக்கு வருகிறார் என்று நினைத்தேன். அங்கே விலை கூடவாக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் கண்ணில் பட்டது வேறொன்று. அக்கா கடைக்கு வருகிற எல்லா ஆண்களையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார். கிழவர் என்றால் ஐயா, பெடியன் என்றால் தம்பி. சிற்றம்பலத்தை மட்டும் ஒன்றும் கூப்பிடுவதில்லை. “வாங்கோ” என்பார். “இருங்கோ, எடுத்துத் தாறன்” என்பார். அண்ணை வராது. அந்த மனிதரும் அப்படித்தான். என்னைத் தங்கச்சி என்பார். அக்காவிடம், “நீங்கள் சொன்ன ஆணி சரியாயிருந்துது” என்பார். முறை ஒன்றும் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு ஆணும் பெண்ணும் முறை சொல்லிக் கூப்பிடாமல் மாதக்கணக்காகக் கதைத்தால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்கும். நான் அக்காவைச் சீண்டினேன்.

“என்னக்கா, வெள்ளிக்கிழமையில மட்டும் புதுச் சட்டை?”

“சும்மா இரும் பிள்ளை.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஆணிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். அடுக்கியிருந்த பெட்டிகளையே திரும்ப அடுக்கினார்.

இதிலே நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. சிற்றம்பலத்தின் பில்களில் ஏதாவது ஒன்று குறைந்தபடியே இருந்தது. பைப் எடுத்தால் ஒட்டுகிற கம் இல்லை. அடுத்த வெள்ளி கம்முக்கு வருவார். அன்று வளைவு ஒன்று குறையும். மற்ற எல்லாருக்கும் குண்டூசி விடாமல் ஞாபகப்படுத்துகிற அக்கா இந்த ஒருவருக்கு மட்டும் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். விடுபட்டது சின்னச் சாமான்தான். அதனால் வேலை நிற்கவில்லை, ஒரு கிழமை தள்ளிப்போனது. அவ்வளவுதானே என்று அக்கா நினைத்திருக்கிறார். வீடு ஒருநாள் முடியும், முடிந்தால் இந்த மனிதர் வரமாட்டார் என்ற நினைப்பு அவரை எவ்வளவு அரித்திருக்கும் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது நான் சீண்டிக்கொண்டு மட்டும் திரிந்தேன்.

வைகாசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை சிற்றம்பலம் வந்தார். நான் முன்பக்கத்தில் சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான வெள்ளியில்லாமல் வியாழன் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது ஆளைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மாறி எடுத்த ஆணிப் பெட்டி ஒன்றை மாற்ற வந்ததாகச் சொன்னார்.

“நாள் தவறிப் போச்சு தங்கச்சி” என்றார் என்னைப் பார்த்து.

“என்ன நாள் ஐயா?”

“நிலை வைக்கிற நாள். வெள்ளி விடிய ஆறு பத்துக்கும் ஏழுக்கும் இடையில எண்டு சாத்திரியார் எழுதித் தந்தவர். நிலைக்கு மஞ்சள் பூசி, பூ வைச்சு, எல்லாம் ஆயத்தம். மேசன் வந்து கிளாம்ப் எங்க எண்டு கேக்கிறார். நான் எழுதவும் இல்லை, வாங்கவும் இல்லை.”

நிலை என்றால் வாசல் கதவுக்கு வைக்கிற மரச்சட்டம். அதன் இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்றாக இரும்புக் கிளாம்ப் பூட்டி, அதைச் சுவருக்குள் வைத்துக் கட்டினால்தான் கதவு அடிக்க அடிக்க ஆடாமல் நிற்கும். மேசன், ஆணியைச் சாய்த்து அடித்துவிட்டு இப்போதைக்கு வைப்போம் என்று சொன்னாராம். சிற்றம்பலம் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டின் தலைவாசலை ஒப்புக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மருமகன் பூநகரிக்கு மோட்டார் சைக்கிளில் ஓடியிருக்கிறான். காலை ஆறு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

“இனி ஆனி, ஆடி ரெண்டும் கழிஞ்சு ஆவணியிலதான் நாளாம். மேசனும் வேற வேலைக்குப் போட்டார். என்ர பிழைதான். லிஸ்டில எழுதியிருக்கவேணும்.”

“கிளாம்ப் இப்ப எடுத்து வையுங்கோவன் ஐயா.”

“இப்ப எடுத்து என்ன செய்ய? ரெண்டு மாசம் கிடந்து துருப்பிடிக்கும். வேலையில்லை, இனி ஆவணிக்குத்தான் வருவன்.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்கா அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். சுவரில் வெள்ளையடித்த மாதிரி இருந்தது முகம்.

அவர் போன பிறகு கேட்டேன். “அக்கா, நிலை வைக்கப் போறன் எண்டு வியாழக்கிழமை சொன்னவரோ?”

“ஓம்.”

“எப்ப வைக்கிறீங்கள் எண்டு கேட்டனீங்களோ?”

அக்கா அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

“கிளாம்ப் எண்டு சொன்னனீங்களோ?”

“நினைவு வந்தது பிள்ளை” என்றார். “தெரிஞ்சுதான் விட்டனான். நாளைக்கு வருவார், இல்லாட்டி அடுத்த வெள்ளி வருவார் எண்டு நினைச்சன். நல்ல நேரம் எண்டு ஒண்டு இருக்கிறது எனக்குத் தெரியாது. எங்கட வேதத்தில பங்குச் சுவாமி வந்து ஆசீர்வதிப்பார், அவருக்கு வசதிப்பட்ட நாளில. விடிய ஆறு பத்துக்கு எண்டு ஒரு நேரம் இருக்குமெண்டு நான் எங்க கண்டன்?”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று அது அளவுக்கு மீறிப் போய்விட்டது. “உங்கட ஆசைக்கு அந்த மனிசனை ரெண்டு மாசம் வாசல் இல்லாமல் இருத்திப்போட்டீங்கள்” என்றேன். “ஸ்கந்தபுரத்து அம்மாவை மறந்திட்டீங்களோ? இதையோ நான் சொல்லித் தந்தனான்?” கடையில் ஆட்கள் நின்றார்கள். அக்கா பின்னுக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஒருவருக்குப் பூட்டு எடுத்துக் காட்டினார். “கொண்டி வீட்டில இருக்கோ, இல்லாட்டி ஒண்டு போடட்டோ?” என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் என் வாயை நானே தைத்துவிடலாம் போலிருந்தது.

மாலையில் அக்கா தன் கணக்கில் ஆறு கிளாம்பும் அதற்குரிய திருகாணியும் எடுத்தார். எண்ணெய்த் துணியில் சுற்றி, கடதாசிப் பையில் போட்டு, ‘ஜெயபுரம்’ என்று எழுதி மேல்தட்டில் வைத்தார். பெயரைக்கூட எழுதவில்லை.

பிறகு ஆனி மாதம். அதற்குப் பிறகு ஆடி. காற்று தூக்கியடித்து, கடைக்கு முன்னால் போகிற ஏ ஒன்பது வீதியின் புழுதி முழுவதையும் கடைக்குள் கொண்டுவந்து போட்டது. நான் ஒவ்வொரு நாளும் தட்டுகளைத் துடைத்தேன். அந்த மேல்தட்டை மட்டும் அக்கா என்னைத் துடைக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பூநகரி வீதியால் வருகிற பஸ் சந்தியில் நிற்கும். அக்கா யாருக்காவது பைப் அளந்துகொண்டிருப்பார். கை அளக்கும், தலை நிமிரும். இறங்குகிறவர்கள் இறங்கி முடிகிற வரைக்கும் பார்ப்பார். பிறகு, “எத்தனை அடி எண்டு சொன்னனீங்கள்?” என்று திரும்பக் கேட்பார். என் புருஷன் கட்டாரில் இருக்கிறான். எதிர்பார்த்து இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இரவில் ஒரு போன் வரும், முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம். அக்காவுக்கு ஒரு கடதாசிப் பைதான் இருந்தது.

சிற்றம்பலத்தின் போன் நம்பர் பில் புத்தகத்தில் இருந்தது. எடுத்துக் கதையுங்கோ என்று சொல்லிப் பார்த்தேன்.

“எடுத்து என்னத்தைச் சொல்லுறது பிள்ளை?”

“சுகமோ எண்டு கேளுங்கோ.”

“அதுக்கு நான் ஆர்?”

பைப்புக்கும் பூட்டுக்கும் எத்தனையோ வசனம் சொல்லிக் கொடுத்தேன். இதற்கு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

“ஆவணிக்கு வருவார்” என்றார் அக்கா. “வரேக்க உண்மையைச் சொல்லிப்போடுவன். தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார். அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் இருக்கு.”

“சொன்னால் பிறகு வரமாட்டார் அக்கா.”

“ஓம்” என்றார். அவ்வளவுதான்.

ஆவணி பிறந்து ஐந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை, சிற்றம்பலம் வந்தார். வயலில் நின்று கறுத்திருந்தார். சவரம் செய்து, கழுவித் தேய்த்த சட்டை போட்டிருந்தார். நாளை விடிய நிலை வைக்கிறார்கள் என்றார். லிஸ்டின் தலையில் ‘கிளாம்ப் 6’ என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு கீறியிருந்தது.

அக்கா மேல்தட்டிலிருந்து பையை எடுத்து வைத்தார். பிறகு நான் சொல்லிக் கொடுத்த ஒவ்வொன்றையும் செய்தார். எத்தனை மணிக்கு நல்ல நேரம் என்று கேட்டார். கதவு எப்போது பூட்டுவீர்கள் என்று கேட்டார். பிணைச்சல், திருகாணி, தாழ்ப்பாள், பூட்டு. குசினிக்குத் தண்ணீர் எடுக்கிற பைப்புக்கு டேப், கம், வளைவு. “இது வீட்டில இருக்கோ? சரி, அப்ப வேண்டாம். இது சின்னன் காணும்.” வீடு முடிகிற வரைக்கும் வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டுக் கேட்டு எடுத்து வைத்தார். இனி இந்த மனிதர் ஒரு ஆணிக்குக்கூட இங்கே வரத் தேவையில்லை. அதைத் தெரிந்துகொண்டு ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்பதை நான் கண்டதில்லை. பில் எழுதுகிற பேனையை நான் ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பில் முடிந்தது. கிளாம்பை அதில் போட வேண்டாம் என்றார் அக்கா.

“ஒண்டு சொல்லவேணும்” என்றார் சிற்றம்பலத்திடம். “அண்டைக்கு நீங்கள் மறக்கேல்லை. நீங்கள் நிலை எண்டு சொன்ன உடனையே எனக்குக் கிளாம்ப் நினைவு வந்தது. தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் விட்டனான். அதுக்கு முன்னமும் அப்பிடித்தான். கம், வளைவு எல்லாம். நீங்கள் திரும்பி வரவேணும் எண்டு. நேரம் தவறும் எண்டு தெரியாது. என்னை மன்னிக்கவேணும்.”

சிற்றம்பலம் அக்காவைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னைக் கண்டார், பின்னால் சீமெந்துக்கு நிற்கிற ஆட்களைக் கண்டார். காசை வைத்தார், சாமான் பையைத் தூக்கினார், இறங்கிப் போனார்.

அக்கா மேசையில் கையூன்றி நின்றார். “சொல்லியாச்சு” என்றார். கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் நான் மேசையைப் பார்த்தேன். ‘ஜெயபுரம்’ என்று எழுதிய கடதாசிப் பை அங்கேயே கிடந்தது. லிஸ்டில் எழுதியதை ஒருநாளும் மறக்காத மனிதர், இரண்டு கோடு கீறி எழுதியதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாளை விடிய நிலை வைக்கிற நேரம். சந்தியில் ஜெயபுரத்துக்குப் போகிற பஸ் வந்து நின்று இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா!”

நான் சொல்லி முடிக்கவில்லை. அக்கா பையை இழுத்துக்கொண்டு ஓடினார். செருப்புப் போடவில்லை. ஏ ஒன்பது வீதியில் யாழ்ப்பாணம் போகிற லொறி ஒன்று ஹோன் அடித்துத் திட்டிக்கொண்டு விலகியது. நாற்பத்தாறு வயதில் ஒருவர் அப்படி ஓடலாம் என்று நான் நினைத்ததில்லை. ஓடியாடித் திரியக்கூடிய பெட்டை வேண்டும் என்று கேட்டவள் நான்தான்.

வாசலில் நின்று பார்த்தேன். சிற்றம்பலம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தார். அக்கா பையை நீட்டினார். வாங்கினார். அக்கா திரும்பி நடக்கப் போனார். அந்த மனிதர் படியில் வைத்த காலை எடுத்து நிலத்தில் வைத்தார். கொண்டக்டர் கையைக் காட்டி ஏறச் சொன்னான். ஏறவில்லை. பஸ் இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டுப் போய்விட்டது. புழுதி அடங்கியபோது இருவரும் நிழற்கூரைக்குக் கீழே நின்றார்கள். இடையில் இரண்டு பேர் நிற்கக்கூடிய இடைவெளி. சாமான் பை நிலத்தில் இருந்தது. அடுத்த பஸ் மூன்றரைக்கு.

முதலாளி வந்து, “எங்க அவா?” என்று கேட்டார். பைப் அளக்கிறா என்று சொன்னேன். நின்ற ஆட்கள் எல்லாருக்கும் நானே ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தேன். டேப் கேட்டேனா, மண்கடதாசி கேட்டேனா, ஒன்றும் நினைவில்லை.

மூன்றே முக்காலுக்கு அக்கா கடைக்குள் வந்தார். காலெல்லாம் புழுதி. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் விடவில்லை.

“என்னக்கா சொன்னவர்? கோவமோ?”

“கோவம்தானாம். ரெண்டு மாசமும் வாறதுக்கு ஒரு சாட்டும் கிடைக்கேல்லை எண்டு கோவமாம்” என்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய கண் நிறைந்தது. சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“பூநகரியில எல்லாச் சாமானும் இருக்காம் பிள்ளை. முதல் தரம் மட்டும்தான் அது தெரியாமல் இஞ்ச வந்தவராம்.”